ஒரே பக்கத்தில் கிரைபாக்: நிர்வாகச் சட்டத் தீர்ப்பு ஒன்றைச் சுருக்கி எழுதும் முறை

ஏ.கே. கிரைபாக் எதிர் இந்திய ஒன்றியம் வழக்குக்குச் சட்ட மாணவர்களும் இளம் வழக்கறிஞர்களும் எழுதும் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நிர்வாக அதிகாரத்துக்கும், நீதிமன்றத்தைப் போல் இரு தரப்பையும் எடைபோட்டு உரிமையைத் தீர்மானிக்கும் குவாசி ஜுடிஷியல் அதிகாரத்துக்கும் இடையே உள்ள கோடு மெலிந்து மறைந்துவருகிறது என்ற புகழ்பெற்ற வரி நடுவில் இருக்கும். அதற்கு மேலே விதி எண்கள், கீழே இயற்கை நீதியைப் பற்றிய, அதாவது முடிவெடுப்பவர் நியாயமாக நடக்க வேண்டும் என்ற அடிப்படை விதிகளைப் பற்றிய, பொதுவான ஒரு பத்தி. இந்திய வனப் பணிக்கு ஆள் எடுக்கத் தயாரித்த தேர்வுப் பட்டியல்தான் அந்த வழக்கின் பொருள், அதை நீதிமன்றம் ஏன் ரத்து செய்தது என்று கேட்டால் குறிப்பில் பதில் இருக்காது. தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருந்தவர் யார், எந்த நேரத்தில் எழுந்து போனார், எந்த நேரத்தில் போகாமல் இருந்தார் என்பதில்தான் பதில் இருக்கிறது. அந்த மூன்று விவரங்களையும் விட்டுவிட்டுப் புகழ்பெற்ற வரியை மட்டும் வைத்துக்கொண்டால், அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கும் போக முடியாது, தேர்வெழுதவும் முடியாது.

பயிற்சிக்கு இந்தத் தீர்ப்பையே எடுத்துக்கொள்ளச் சொல்வோம். 1969 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு வழங்கியது. தலைமை நீதிபதி இதயத்துல்லா, நீதிபதிகள் ஷேலத், பார்கவா, ஹெக்டே, குரோவர் ஆகியோர் அமர்ந்தார்கள். தீர்ப்பை எழுதியவர் ஹெக்டே. ஐவருக்கும் ஒரே தீர்ப்பு, மாறுபட்ட கருத்து இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவின் கீழ் நேராக உச்ச நீதிமன்றத்தில் தாக்கலான ரிட் மனுக்கள் என்பதால் கீழ் நீதிமன்றம் என்ன சொன்னது, உயர் நீதிமன்றம் என்ன சொன்னது என்ற வரலாறும் கிடையாது. அளவிலும் சிறியது, ஒரே மூச்சில் வாசித்துவிடலாம்.

முதல் வாசிப்பில் பேனாவைத் தொடவே வேண்டாம். தீர்ப்பின் தலைப்பில் சுருக்கமாக வரும் ஹெட்நோட்டையும் அப்போது பார்க்காமல் இருப்பது நல்லது. ஹெட்நோட் நீதிமன்றம் எழுதியது அல்ல, சட்ட அறிக்கை வெளியிடுபவர்கள் தயாரிப்பது. அதை முதலில் படித்துவிட்டால், அதில் இருக்கும் விஷயங்கள் மட்டுமே தீர்ப்பில் கண்ணில் படும். இரண்டாம் வாசிப்பில் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் ஓர் எழுத்து போடுங்கள். சங்கதி சொல்லும் பத்திக்கு ச, ஒரு தரப்பின் வாதத்தை எடுத்துச் சொல்லும் பத்திக்கு வா, நீதிமன்றம் தன் குரலில் காரணம் சொல்லும் பத்திக்கு கா, முடிவு சொல்லும் பத்திக்கு மு. சலிப்பான வேலைதான், ஆனால் மிக மோசமான ஒரு பிழையை இதுதான் தடுக்கிறது. நம் நீதிபதிகள் வழக்கறிஞரின் வாதத்தை நான்கைந்து வாக்கியங்களில் விரித்து எழுதிவிட்டுப் பிறகுதான் அதை ஏற்கிறார்கள் அல்லது தள்ளுகிறார்கள். நடுவில் இருந்து ஒரு வாக்கியத்தை உருவினால் அது நீதிமன்றத்தின் கருத்து போலவே ஒலிக்கும். தோற்ற தரப்பின் வாதத்தைத் தீர்ப்பு என்று எழுதிய குறிப்புகள் எல்லாம் இப்படிப் பிறந்தவை.

மூன்றாம் வாசிப்பு கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். கடைசிப் பத்தியில் நீதிமன்றம் என்ன உத்தரவு போட்டது? கிரைபாக்கில் தேர்வுகள் ரத்து செய்யப்பட்டன. அந்த ஒரு செயலைத் தாளின் அடியில் எழுதிக்கொண்டு, 'இந்த உத்தரவு வருவதற்கு நீதிமன்றம் எதையெல்லாம் கட்டாயம் முடிவு செய்திருக்க வேண்டும்?' என்று கேட்டபடி மேல்நோக்கி வாருங்கள். இரண்டு படிகள் தட்டுப்படும். தேர்வுக் குழு செய்தது வெறும் நிர்வாக வேலையாக இருந்தாலும் இயற்கை நீதி அதற்குப் பொருந்தும் என்பது ஒன்று. குழுவில் இருந்தவரின் நிலை அந்த நீதியை மீறியது என்பது இன்னொன்று. இரண்டில் எதை எடுத்துவிட்டாலும் உத்தரவு நிற்காது. மற்றவை எல்லாம் இந்த இரண்டுக்கும் முட்டுக் கொடுப்பவை. குறிப்பில் எதற்கு எத்தனை வரி என்ற கேள்விக்கு இங்கேயே விடை கிடைத்துவிடுகிறது.

அதன் பிறகு சங்கதிகள். குறிப்பு எழுதுபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான், எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1966இல் இந்திய வனப் பணி அமைக்கப்பட்டது. முதல் நியமனத்துக்கு மாநில வனத்துறைகளில் ஏற்கெனவே பணியாற்றியவர்களிடமிருந்து ஆள் எடுக்க வேண்டும். ஜம்மு காஷ்மீர் மாநிலத்துக்கான தேர்வுக் குழுவில், ஒழுங்குமுறை விதிகளின்படி, அந்த மாநிலத்தின் தலைமை வனப் பாதுகாவலரும் ஓர் உறுப்பினர். அப்போது அந்தப் பொறுப்பில் தற்காலிகமாக இருந்தவரும் அதே பணிக்கு ஒரு போட்டியாளர். ஒரு மூத்த அலுவலரைத் தாண்டி அவர் அந்தப் பொறுப்புக்கு வந்திருந்தார். அதை எதிர்த்து அந்த மூத்தவர் கொடுத்த முறையீடு அரசிடம் நிலுவையில் இருந்தது. குழு கூடியபோது, தன் பெயர் பரிசீலனைக்கு வந்த நேரத்தில் அவர் பங்கேற்கவில்லை. ஆனால் தன் போட்டியாளர்களான மற்ற மூன்று அலுவலர்களின் தகுதி பேசப்பட்டபோது பங்கேற்றார், தகுதி வரிசைப்படி பட்டியல் தயாரித்ததிலும் பங்கேற்றார். பட்டியலில் முதல் பெயர் அவருடையது. அந்த மூவரின் பெயர்கள் அதில் இல்லை. பட்டியல் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்குப் போனது, ஆணையத்தின் பரிந்துரைக்குப் பின் 1967இல் அரசு அறிவிக்கை வெளியிட்டது. பாதிக்கப்பட்ட அலுவலர்கள் மனு போட்டார்கள்.

தீர்ப்பில் இதைப் போல் பல மடங்கு விவரம் உண்டு. எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஒரு சங்கதியைக் கையால் மறைத்துவிட்டு, 'இது இல்லாமலோ வேறு மாதிரியோ இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா, அல்லது நீதிமன்றம் வேறு காரணம் சொல்ல வேண்டியிருக்குமா?' என்று கேளுங்கள். பணியின் பெயர் வனப் பணி என்பதை மறைத்தால் எதுவும் மாறாது. இருந்தாலும் வாசகருக்கு ஒரு காட்சி வேண்டும் என்பதற்காக இரண்டு சொல்லில் வைத்துக்கொள்ளலாம். ஒழுங்குமுறை விதியின் எண், அறிவிக்கையின் எண் இரண்டும் வேண்டாம். குழு உறுப்பினரே போட்டியாளர் என்பதை மறைத்தால் வழக்கே இல்லை, எனவே அது கட்டாயம். தன் பெயர் வந்தபோது விலகினார் என்பதை மறைத்தால்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அது அரசுக்குச் சாதகமான சங்கதி, தோற்ற தரப்பின் சங்கதி என்று விட்டுவிடுகிறார்கள். அது இல்லையென்றால் இந்தத் தீர்ப்பு மிகச் சாதாரணமான ஒன்றாகிவிடும். தன்னைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டவரின் தேர்வு செல்லாது என்று சொல்ல ஐந்து நீதிபதிகள் தேவையில்லை. விலகியும் செல்லாது என்றார்களே, தீர்ப்பின் எடை அதில் இருக்கிறது. தோற்றவருக்குச் சாதகமான சங்கதி ஒன்றாவது குறிப்பில் இல்லையென்றால், அந்தக் குறிப்பை நம்பாதீர்கள்.

ஆட்களின் பெயர்களை எடுத்துவிட்டுப் பொறுப்புகளை எழுதுங்கள். 'தேர்வுக் குழுவில் இருந்த போட்டியாளர்' என்று எழுதினால் வாசிப்பவர் அடுத்த வழக்கோடு ஒப்பிடுவது எளிது. பெயரை எழுதினால் அவர் யார் என்பதை ஒவ்வொரு தடவையும் நினைவில் தேட வேண்டியிருக்கும். இன்னொன்று: சங்கதிப் பகுதியில் முடிவு நுழையக் கூடாது. 'பாரபட்சமான உறுப்பினர் குழுவில் இருந்தார்' என்று எழுதுவது சங்கதி இல்லை, நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய கேள்வியையே சங்கதியாக்குவது. அதிலும் கிரைபாக்கில் அது நேர்ப் பிழை. அவர் உண்மையில் பாரபட்சமாக நடந்தார் என்று நீதிமன்றம் சொல்லவே இல்லை.

கேள்வியை ஒரே வாக்கியத்தில், சங்கதியோடு சேர்த்து எழுத வேண்டும். 'இயற்கை நீதி நிர்வாக நடவடிக்கைகளுக்குப் பொருந்துமா?' என்பது பாடநூலின் அத்தியாயத் தலைப்பு. 'போட்டியாளர் ஒருவர் தேர்வுக் குழுவில் உறுப்பினராக இருந்து, தன் முறை வந்தபோது மட்டும் விலகினால், அந்தக் குழு செய்த தேர்வு, அது நிர்வாகச் செயலே ஆனாலும், இயற்கை நீதியை மீறியதாகுமா?' என்பது இந்த வழக்கின் கேள்வி. ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடிகிறதா என்று பார்த்தால் கேள்வி சரியா என்பது தெரிந்துவிடும்.

தீர்மானத்தை எழுதும்போது ஒரு சொல் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். இந்தத் தேர்வுக் குழுவின் அதிகாரம் குவாசி ஜுடிஷியல் என்று உச்ச நீதிமன்றம் தீர்மானித்ததாக எழுதுகிறார்கள். அப்படித் தீர்மானிக்கவில்லை. இந்த வழக்கைப் பொறுத்தவரை அந்த அதிகாரம் நிர்வாக அதிகாரம் என்றே வைத்துக்கொள்வோம், அந்த அடிப்படையிலேயே தேர்வு செல்லுமா என்று சோதிப்போம் என்றுதான் நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பின் பலமே அந்த 'வைத்துக்கொள்வோம்' தான். குவாசி ஜுடிஷியல் என்று தீர்மானித்திருந்தால் பழைய சட்டத்தின்படியே இயற்கை நீதி பொருந்தியிருக்கும், புதிதாக ஒன்றும் நடந்திருக்காது. நிர்வாக அதிகாரம் என்று வைத்துக்கொண்டும் பொருந்தும் என்றதால்தான் இன்றுவரை எடுத்துக்காட்டப்படுகிறது. ஆங்கிலத் தீர்ப்பைத் தமிழில் சுருக்கும்போது 'எனக் கொண்டாலும்', 'எனத் தீர்மானித்தது', 'எனக் கருத இடமுண்டு' ஆகிய மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. மூலத்தில் எந்த வினைச்சொல் என்று ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாருங்கள்.

அதே கவனம் பாரபட்சச் சோதனைக்கும் வேண்டும். நீதிமன்றம் மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்கிறது. ஒருவர் உண்மையிலேயே பாரபட்சமாக இருந்தார் என்பது ஒரு நிலை. மனத்தின் நிலையை நிரூபிப்பது கடினம் என்பதால் அதை நிரூபிக்கச் சொல்லவில்லை. வெறும் சந்தேகம் என்பது இன்னொரு நிலை. அது போதாது என்கிறது. பாரபட்சம் இருந்திருக்கக்கூடும் என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறதா என்பது நடுவில் உள்ள நிலை. அதுதான் சோதனை. மனித இயல்பையும் மனிதர் வழக்கமாக நடந்துகொள்ளும் விதத்தையும் வைத்து அதைப் பார்க்க வேண்டும். தமிழ்க் குறிப்பில் 'பாரபட்சம் இருக்குமோ என்ற சந்தேகம் எழுந்ததால் ரத்து' என்று எழுதினால், நீதிமன்றம் போதாது என்று சொன்ன அளவுகோலையே அதன் அளவுகோலாக ஆக்கிவிட்டோம். 'நியாயமான வாய்ப்பு' என்று எழுதுங்கள், 'சந்தேகம்' என்ற சொல்லை மறுக்கப்பட்ட அளவுகோலுக்கு மட்டும் வையுங்கள். பாரபட்சம், ஒருதலைச் சார்பு, பக்கச்சார்பு என்று வரிக்கு வரி மாற்றி எழுதுவதும் கூடாது. சட்டக் குறிப்பில் சொல் மாறினால் பொருளும் மாறிவிட்டது என்றுதான் வாசிப்பவர் நினைப்பார்.

காரணங்களைத் தீர்ப்பில் வந்த வரிசையில் நகல் எடுத்தால் ஒரு பக்கம் போதாது. அரசுத் தரப்பு எழுப்பிய ஒவ்வொரு தடைக்கும் நீதிமன்றம் என்ன பதில் சொன்னது என்று எழுதினால் சுருக்கமும் வரும், நூலும் அறாது. கிரைபாக்கில் அப்படி நான்கு தடைகளை எடுக்கலாம்.

இது வெறும் நிர்வாக அதிகாரம் என்பது முதல் தடை. நியாயமான முடிவை எட்டுவதே இரண்டு வகை விசாரணைகளுக்கும் நோக்கம், நிர்வாக முடிவு ஒன்று அநியாயமாகப் போனால் அதன் விளைவு குவாசி ஜுடிஷியல் முடிவின் விளைவைவிடப் பெரிதாகவும் இருக்கலாம், எனவே இயற்கை நீதியை ஒன்றுக்கு மட்டும் ஒதுக்கி வைக்கக் காரணம் இல்லை என்பது பதில். கோடு மெலிந்துவருகிறது என்ற புகழ்பெற்ற வரி இந்தப் பதிலுக்குள் ஒரு படி, அவ்வளவே. தன் பெயர் வந்தபோது அவர் விலகினாரே என்பது இரண்டாவது. போட்டியாளர்களைப் பற்றிய பேச்சிலும் வரிசைப்படுத்தியதிலும் அவர் இருந்தார், பங்கேற்ற ஒவ்வொரு கட்டத்திலும் அவருடைய நலனும் கடமையும் மோதின, அவர் குழுவில் இருந்ததே முடிவைப் பாதித்திருக்கும் என்பது பதில். அவர் எங்களைத் தூண்டவில்லை என்று மற்ற உறுப்பினர்கள் சொல்கிறார்களே என்பது மூன்றாவது. கூடிப் பேசி முடிவெடுக்கும் குழுவில் ஒருவரின் கருத்து மற்றவரை நுட்பமாகப் பாதிக்கும், பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாமலும் போகலாம் என்பது பதில். குழு பரிந்துரை மட்டுமே செய்தது, இறுதிப் பரிந்துரை தேர்வாணையத்துடையது என்பது நான்காவது. ஆணையத்தின் பரிந்துரைக்கு அடிப்படையாக இருந்ததே குழுவின் பட்டியல், அடிப்படையில் இருந்த குறை மேலேயும் ஏறுகிறது என்பது பதில்.

இவற்றில் இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும்தான் அதிக இடம் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. இன்று ஒரு பல்கலைக்கழகத் தேர்வுக் குழுவையோ டெண்டர் குழுவையோ எதிர்த்து மனு போடும்போது எதிர்த்தரப்பு முதலில் எடுக்கும் வாதங்கள் அந்த இரண்டும்தான்.

இயற்கை நீதியின் எல்லையையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். செல்லுபடியாகும் சட்டம் தெளிவாக வகைசெய்த இடத்தில் இயற்கை நீதி அந்தச் சட்டத்தைத் தள்ளிவிட்டு நிற்காது, சட்டம் பேசாத இடத்தை நிரப்பும் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. இந்த வரியை விட்ட குறிப்பு தீர்ப்பை அதற்கில்லாத உயரத்துக்கு ஏற்றிவிடும்.

நீதிமன்றத்தின் சொற்களை மேற்கோள் குறிக்குள் போடுவதானால் மூல மொழியில், ஒரே ஒரு வாக்கியம், பத்தி எண்ணோடு. நம் மொழிபெயர்ப்பை மேற்கோள் குறிக்குள் வைத்தால் அதை நீதிமன்றமே தமிழில் சொன்னதாக யாராவது மனுவில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். தமிழில் எழுதும்போது குறி இல்லாமல் நம் வார்த்தையில் சொல்லிவிட்டு, பத்தி எண்ணை மட்டும் ஓரத்தில் கொடுங்கள். எந்த அறிக்கையின் பத்தி எண் என்பதையும் தலைப்பில் குறிக்க வேண்டும், ஏனென்றால் சட்ட அறிக்கைத் தொகுதிகளான ஏ.ஐ.ஆரின் பத்தி எண்ணும் எஸ்.சி.சியின் பத்தி எண்ணும் ஒன்றாக இருக்கும் என்று நம்பக் கூடாது.

கடைசியாக, பின்னால் வந்த தீர்ப்புகள். பட்டியல் போடாமல், இந்தத் தீர்ப்பின் முக்கியமான சங்கதியை விரித்தது ஒன்று, குறுக்கியது ஒன்று என்று இரண்டு எடுத்தால் போதும். ஜே. மொகபத்ரா எதிர் ஒரிசா மாநிலம் வழக்கில் (1984), அரசு வாங்கும் புத்தகங்களைத் தேர்வு செய்யும் குழுவில் அந்தப் புத்தகங்களை எழுதியவர்களே இருந்தார்கள். தன் புத்தகம் வரும்போது மட்டும் விலகுவது போதாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அசோக் குமார் யாதவ் எதிர் ஹரியானா மாநிலம் வழக்கில் (1985) அரசுப் பணியாளர் தேர்வாணைய உறுப்பினரின் உறவினர்கள் போட்டியாளர்கள். அங்கே உறவினரின் நேர்காணலிலிருந்தும் அவரைப் பற்றிய பேச்சிலிருந்தும் விலகினால் போதும் என்றது, ஏனென்றால் அது அரசமைப்புச் சட்டம் உருவாக்கிய ஆணையம், உறவினர் ஒருவர் போட்டியிட்டார் என்பதற்காக அதன் உறுப்பினரை முழுத் தேர்விலிருந்தும் விலக்கினால் ஆணையம் வேலையே செய்ய முடியாமல் போகும். சங்கதிப் பகுதியில் 'விலகினார்' என்பதை விட்டவருக்கு இந்த இரண்டு வழக்குகளும் எதைப் பற்றிப் பேசுகின்றன என்பதே புரியாது.

ஏ4 தாளில் 11 புள்ளி எழுத்தில், ஓரம் விட்டு, தமிழில் ஏறக்குறைய 300 சொற்கள் வசதியாக அடங்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு சங்கதிக்கு, மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டிக் காரணத்துக்கு, மீதி மற்றவற்றுக்கு. மேலே சொன்னபடி எழுதினால் குறிப்பு இப்படி வரும்.

ஏ.கே. கிரைபாக் எதிர் இந்திய ஒன்றியம்
ஏ.ஐ.ஆர். 1970 எஸ்.சி. 150, (1969) 2 எஸ்.சி.சி. 262. உச்ச நீதிமன்றம், 29.04.1969. ஐந்து நீதிபதிகள், ஒருமனதாக, எழுதியவர் ஹெக்டே. பிரிவு 32 ரிட் மனுக்கள்.

சங்கதிகள்: இந்திய வனப் பணியின் முதல் நியமனத்துக்கு, ஜம்மு காஷ்மீர் வனத்துறை அலுவலர்களிலிருந்து ஆள் எடுக்கத் தேர்வுக் குழு அமைந்தது. விதிப்படி உறுப்பினரான மாநிலத் தலைமை வனப் பாதுகாவலர் (தற்காலிகம்) தாமும் ஒரு போட்டியாளர். அவர் பதவியில் தாண்டி வந்த மூத்தவரின் முறையீடு நிலுவையில் இருந்தது. தம் பெயர் வந்தபோது அவர் பங்கேற்கவில்லை. போட்டியாளர் மூவரைப் பற்றிய பரிசீலனையிலும் வரிசைப் பட்டியல் தயாரிப்பிலும் பங்கேற்றார். பட்டியலில் அவர் முதலிடம், அந்த மூவரும் இடம்பெறவில்லை. தேர்வாணையத்தின் பரிந்துரைக்குப் பின் 1967இல் அறிவிக்கை. விடுபட்டவர்கள் பிரிவு 14, 16 மற்றும் இயற்கை நீதி மீறலைக் காட்டி எதிர்த்தனர்.

கேள்வி: போட்டியாளர் ஒருவர் குழுவில் இருந்து, தம் முறைக்கு மட்டும் விலகிய நிலையில், அக்குழுவின் தேர்வு, நிர்வாகச் செயலே ஆனாலும், இயற்கை நீதியை மீறியதா?

தீர்மானம்: ஆம். தேர்வுகள் ரத்து. அதிகாரம் நிர்வாக அதிகாரம் என்று கொண்டாலும் நியாயமாக நடக்கும் கடமை உண்டு. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்ற விதி மீறப்பட்டது.

காரணம்: (1) இரு வகை விசாரணைகளுக்கும் நோக்கம் நியாயமான முடிவே, இரண்டுக்கும் இடையிலான கோடு மறைந்துவருகிறது. (2) சோதனை: பாரபட்சம் இருந்திருக்க நியாயமான வாய்ப்பு உண்டா என்பது. உண்மையில் பாரபட்சம் இருந்ததென்று நிரூபிக்கத் தேவையில்லை; வெறும் சந்தேகம் போதாது. (3) விலகல் போதாது: அவர் குழுவில் இருந்ததே முடிவைப் பாதித்திருக்கும், போட்டியாளர் பற்றிய ஒவ்வொரு கட்டத்திலும் நலனும் கடமையும் மோதின. (4) மற்ற உறுப்பினரின் மறுப்பு உதவாது: குழுவில் ஒருவர் மற்றவரை நுட்பமாகப் பாதிப்பார். (5) பரிந்துரை மட்டுமே என்பதும் உதவாது: ஆணையத்தின் முடிவுக்கு அடிப்படை குழுவின் பட்டியல். எல்லை: இயற்கை நீதி சட்டத்தை நிரப்பும், அதை அகற்றாது.

பின்னர்: மொகபத்ரா (1984): பின்பற்றப்பட்டது, விலகல் போதாது. அசோக் குமார் யாதவ் (1985): வேறுபடுத்தப்பட்டது, தேர்வாணைய உறுப்பினர் தம் உறவினரின் முறைக்கு விலகினால் போதும்.

இந்தக் குறிப்பில் காரணம் (1) இலிருந்து (5) வரைக்கும் எல்லைக்கும் உங்கள் கையில் இருக்கும் அறிக்கையைப் பார்த்துப் பத்தி எண்களைச் சேர்க்க வேண்டும். அதற்கு ஓரத்தில் போட்ட 'கா' எழுத்துகள் உதவும். 'வா' போட்ட பத்தியின் எண் காரணப் பகுதிக்குள் வந்திருந்தால் எங்கோ தவறு நடந்திருக்கிறது, திரும்பிப் போய்ப் பாருங்கள்.

பக்கம் தாண்டினால் எதை வெட்டுவது என்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் தீர்ப்பு எடுத்துக்காட்டிய முன் தீர்ப்புகளின் பெயர்கள் போகட்டும். கிரைபாக்கில் இங்கிலாந்து வழக்குகளும் நம் வழக்குகளும் வரும், குறிப்பில் ஒன்றுகூடத் தேவையில்லை. அடுத்து அறிவிக்கை பற்றிய வரி, அதற்கடுத்து நிலுவையில் இருந்த முறையீடு. முறையீட்டை வெட்டினால் மோதலின் கூர்மை கொஞ்சம் குறையும், ஆனால் முடிவு நிற்கும். 'விலகினார்', 'பங்கேற்றார்' என்ற இரண்டு வரிகளை மட்டும் தொடாதீர்கள். எழுத்தளவைக் குறைத்தும் ஓரத்தைச் சுருக்கியும் ஒரு பக்கத்துக்குள் அடைப்பது ஏமாற்று வேலை. ஒன்றரைப் பக்க விஷயத்தை ஒரு பக்கத்தில் திணித்தால் படிப்பவரின் கண் நேரே தடித்த எழுத்துக்குத் தாவிவிடும், நீங்கள் உழைத்த நடுப்பகுதியை யாரும் படிக்க மாட்டார்கள்.

குறிப்பு முடிந்ததும் தீர்ப்பைப் படிக்காத ஒருவரிடம் கொடுத்து இரண்டு கேள்விகள் கேளுங்கள். அந்த அலுவலர் போட்டியாளர்களைப் பற்றிய பேச்சின்போதும் பட்டியல் தயாரித்தபோதும் வெளியே இருந்திருந்தால் தேர்வு செல்லுமா? உறுப்பினரின் மகன் போட்டியாளராக இருந்தால் என்ன ஆகும்? முதலாவதுக்கு, அவர் குழுவில் இருந்ததே முடிவைப் பாதித்திருக்கும் என்று நீதிமன்றம் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அப்போதும் சந்தேகமே என்று அவர் தயங்க வேண்டும். இரண்டாவதுக்கு, அது எந்த மாதிரிக் குழு என்று அவர் திருப்பிக் கேட்க வேண்டும். அந்தத் தயக்கமும் அந்தக் கேள்வியும் வரவில்லையென்றால் காரணம் (3) ஐயும் கடைசி வரியையும் திருத்தி எழுதுங்கள்.